விற்கிறவரே பணம் கொடுத்தா அது வியாபாரமா?

ஏஐ கம்பெனிகளோட மதிப்பு ஊதிப் போயிருக்கான்னு பல பேர் கேட்டிருந்தீங்க. பங்கு விலையை வெச்சு இதைச் சொல்ல முடியாது. நான் பார்க்கிறது வேற: வாங்குறவர் கையில இருக்கிற பணம் எங்கிருந்து வந்தது?

2025 செப்டம்பர்ல என்விடியா, ஓப்பன்ஏஐல 10,000 கோடி டாலர் வரைக்கும் முதலீடு செய்யப் போறதா அறிவிச்சாங்க. அப்போ அது ஒப்பந்தம் இல்ல, உத்தேசக் கடிதம்தான். அதன்படி ஓப்பன்ஏஐ குறைந்தது 10 கிகாவாட் அளவுக்கு என்விடியா கருவிகளை நிறுவணும்னு இருந்தது. ஒவ்வொரு கிகாவாட்டுக்கும் பணம் கொஞ்சம் கொஞ்சமா வரும்னு சொன்னாங்க. அதாவது, விற்கிறவர் கொடுக்கிற பணத்துல ஒரு பங்கு அவர் கல்லாவுக்கே திரும்புது.

இது புதுசு இல்ல. டாட்காம் காலத்துல தொலைத்தொடர்புக் கருவி செஞ்ச லூசென்ட் இதைத்தான் செஞ்சது. 1998ல வின்ஸ்டார்ங்கிற கம்பெனிக்கு 200 கோடி டாலர் வரை கடன் தர ஒத்துக்கிட்டாங்க. கட்டடங்களோட மொட்டை மாடியில ஆன்டெனா வெச்சு இன்டர்நெட் கொடுத்த கம்பெனி அது. அந்தக் கடன்ல அவங்க லூசென்ட் கருவிகளை வாங்கினாங்க.

கணக்குல என்ன ஆகும்னு பாருங்க. கருவி போன உடனே அது விற்பனை, வருமானம். வராத பணம் 'கடன் பாக்கி'ன்னு சொத்துப் பக்கத்துல உட்காரும். வாடிக்கையாளர் மூழ்குற வரைக்கும் எல்லாமே அழகா இருக்கும்.

2001 மார்ச் கடைசியில லூசென்ட் அடுத்த தவணையைத் தர மறுத்தது. ஏப்ரல்ல வின்ஸ்டார் திவால். பிறகு வழக்கு நடந்தப்போ இன்னொண்ணு தெரிஞ்சது: காலாண்டுக் கணக்கை நிரப்ப, தேவையில்லாத கருவிகளையும் வின்ஸ்டார் தலையில கட்டியிருக்காங்க. 2005ல திவால் நீதிமன்றம் லூசென்ட்டை சுமார் 18.8 கோடி டாலரும் வட்டியும் கட்டச் சொன்னது. 1999 கடைசியில 80 டாலருக்கு மேல போன லூசென்ட் பங்கு, 2002ல ஒரு டாலருக்கும் கீழ வந்தது.

அப்போ என்விடியாவும் லூசென்ட்டும் ஒண்ணா? இல்லைன்னுதான் நினைக்கிறேன். லூசென்ட் கொடுத்தது கடன். என்விடியா தர்றதா சொன்னது பங்கு முதலீடு. என்விடியா கையில ரொக்கமும் அதிகம், மைக்ரோசாஃப்ட், மெட்டா மாதிரி சொந்த லாபத்துல வாங்குற பெரிய வாடிக்கையாளர்களும் இருக்காங்க. ஆனா ஒரு விஷயத்துல இப்போ நிலைமை மோசம். அன்னைக்குப் புதைச்ச ஃபைபர் கேபிள் பல வருஷம் கழிச்சும் உதவிச்சு. சிப் அப்படி இல்ல, சில வருஷத்துல பழசாயிடும் (அமேசானே 2025ல சில சர்வர்களோட ஆயுளை 6 வருஷத்துல இருந்து 5ஆ குறைச்சது).

காலாண்டு அறிக்கை வந்தா நான் முதல்ல இரண்டு வரியைத்தான் தேடுவேன். வசூலாகாத பாக்கி, விற்பனையை விட வேகமா ஏறுதா? லாபம் ஏறும்போது, தொழில்ல இருந்து வர்ற ரொக்கமும் கூடவே ஏறுதா? இந்த இரண்டும் எதிரெதிர் திசையில போனா, வாடிக்கையாளர் முதலீடு பக்கத்தைத் திறந்து யார் யாருக்குப் பணம் கொடுத்தாங்கன்னு படிக்க ஆரம்பிப்பேன்.