பாலைச் சுண்டக் காய்ச்சிய பண்டங்களின் சத்துக் கணக்கு

திட்டக்குடி வட்டாரத்திலே, வெள்ளாற்றங்கரையிலும் வெலிங்டன் ஏரிப் பாசனத்திலும் உள்ள கிராமங்களில், கறவை வைத்திருக்கும் குடியானவர்கள் பாலில் மிகுதியைச் சங்கத்திற்கு ஊற்றுகிறார்கள். கலியாணம், திருவிழாக் காலங்களில் சிலர் அதைக் கோவாவாகக் காய்ச்சியும் விற்கிறார்கள். அவ்வாறு விற்பவர்களிடம் வாங்குபவர்கள் இப்பொழுது ஒரு கேள்வி கேட்கிறார்கள். நூறு கிராமில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதே அது. இதற்குப் பரிசோதனைச் சாலைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. ஒரு தராசும், காய்ச்சுகிறவருடைய பொறுமையும் இருந்தால், உண்மைக்கு மிக அணுக்கமான விடையை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம்.

இதன் அடிப்படை எளியது. பாலை எத்தனை மணி நேரம் அடுப்பில் வைத்தாலும், அதிலிருந்து ஆவியாகப் போவது நீர் ஒன்றே. கொழுப்பும் புரதமும் பால் சர்க்கரையும் உப்புக்களும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகையால் பாலில் இருந்த சத்தின் எடையை, முடிவில் பாத்திரத்தில் மிஞ்சிய பண்டத்தின் எடையால் வகுத்தால் கணக்கு கிடைத்துவிடுகிறது. சுண்டக் காய்ச்சினால் சத்து பெருகுகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் சத்து பெருகவில்லை. நீர் குறைந்ததால் அது நெருங்கி நிற்கிறது.

ஒரு வீட்டில் 5 லிட்டர் பசும்பால் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே 5 லிட்டர் பால் ஏறக்குறைய 5 கிலோ 150 கிராம் நிற்கும். நல்ல பசும்பாலில் நூற்றுக்கு 4 பங்கு கொழுப்பும், 3.3 பங்கு புரதமும், 4.7 பங்கு பால் சர்க்கரையும், 0.7 பங்கு உப்புக்களும் இருக்கும். அந்த வீதப்படி இந்தப் பாலில் கொழுப்பு 206 கிராம், புரதம் 170 கிராம், பால் சர்க்கரை 242 கிராம், உப்புக்கள் 36 கிராம். ஆக மொத்தம் 654 கிராம் கெட்டிப் பொருள் உண்டு. மீதி நாலரைக் கிலோவும் நீர்தான். கொழுப்பின் அளவு மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி மாறும் என்பதால், சங்கத்தில் பால் ஊற்றும்போது எழுதிக்கொடுக்கும் கொழுப்பு வீதத்தை வைத்துக் கணக்கிடுவது உத்தமம்.

காய்ச்சும் முறையைக் கூறுவோம். வாய் அகன்ற, அடி கனத்த இரும்பு வாணலி வேண்டும். அதையும், கிளறும் கரண்டியையும் சேர்த்து முதலில் வெறுமையாக நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இது மறந்துபோனால் பின்னால் எந்தக் கணக்கும் நிற்காது. வாணலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பால் ஊற்றலாகாது. பொங்கி வழிந்த பால் கணக்கிலிருந்து வெளியே போன பால். ஐந்து லிட்டரையும் ஒரே தடவையில் போடுவதைவிட இரண்டு தடவையாகக் காய்ச்சினால் நேரமும் குறையும், நிறமும் வெளுப்பாக இருக்கும். முதலில் நல்ல தீ. பால் கொதி வந்தபின் கரண்டியின் வாயால் அடியையும் பக்கங்களையும் ஓயாமல் சுரண்டிக் கொடுக்கவேண்டும். பக்கத்தில் ஒட்டும் ஏடு வீணல்ல, அது கொழுப்பும் புரதமும் சேர்ந்தது. உடனுக்குடன் பாலுக்குள் தள்ளிவிட வேண்டும்.

பாதிக்கு மேல் வற்றியபின் நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகித் தடித்து வெடிக்கும். அப்பொழுது தீயைக் குறைக்கவேண்டும். பிறகு கூழ் கெட்டிப்பட்டு, ஓரங்களை விட்டு உருண்டு, நெய் கசியத் தொடங்கும் பதத்தில் இறக்கிவிட வேண்டும். இறக்கியபின் வாணலியோடும் கரண்டியோடும் நிறுத்து, முன் குறித்த எடையைக் கழித்தால் கோவாவின் எடை வருகிறது. நம் கணக்கின்படி, நூற்றுக்கு 30 பங்கு நீர் தங்கும் பதத்தில் இறக்கினால் 934 கிராம் நிற்க வேண்டும். 20 அல்லது 30 கிராம் குறைந்தால் பாதகமில்லை; அதற்கு மேல் குறைந்தால் ஒன்று பதம் கடந்து நீர் மேலும் வற்றியிருக்கும், இல்லையேல் பாலே தண்ணீர்ப் பாலாக இருந்திருக்கும். இதை அறிய ஒரு வழி உண்டு. பண்டம் கெட்டியாகவும் நொறுங்குவதாகவும் இருந்தால் முதலாவது. பதம் சரியாயிருந்தும் எடை குறைந்தால் இரண்டாவது.

இந்தக் கோவாவில் நூறு கிராமுக்குக் கொழுப்பு 22 கிராம், புரதம் 18 கிராம், பால் சர்க்கரை 26 கிராம் வருகின்றன. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரியும், மற்ற இரண்டும் ஒரு கிராமுக்கு 4 கலோரியும் தருவதால், மொத்தம் ஏறக்குறைய 375 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிரசுரித்த பழைய உணவுச் சத்து அட்டவணையில் பசும்பால் கோவாவுக்கு 413 கலோரியும், 20 கிராம் புரதமும், 25.9 கிராம் கொழுப்பும் கண்டிருக்கின்றன. அந்தக் கோவாவில் நீர் நூற்றுக்கு 25 பங்கே இருந்ததால் எல்லாம் சற்று உயர்ந்து நிற்கிறது. நீர் வித்தியாசத்தைச் சரிப்படுத்திப் பார்த்தால் நம் வாணலிக் கணக்கும் அட்டவணையும் ஏறக்குறைய ஒத்தே வருகின்றன. எருமைப் பாலானால் கொழுப்பு இன்னும் ஏறும். அதே அட்டவணையில் எருமைப்பால் கோவாவுக்குக் கொழுப்பு 31.2 கிராம், புரதம் 14.6 கிராம், 421 கலோரி என்று உள்ளது.

சர்க்கரை சேர்க்கும்போது நிகழ்வதுதான் இக்கட்டுரையில் முக்கியமாகக் கவனிக்கத் தக்கது. விருதுநகர் ஜில்லா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ம் வருஷத்தில் புவியியல் குறியீடு பெற்றது. 10 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது அங்கே கையாளும் அளவு. அதையே பின்பற்றி நம்முடைய 5 லிட்டருக்கு 625 கிராம் சர்க்கரை போட்டால், கெட்டிப் பொருள் 1,279 கிராமாகிறது. நூற்றுக்கு 20 பங்கு நீர் தங்க இறக்கினால் ஒரு கிலோ 600 கிராம் பால்கோவா கிடைக்கும். சர்க்கரை போட்டவுடன் கெட்டிப்பட்டிருந்த பால் மறுபடி இளகிவிடும். அதில் மிஞ்சியிருந்த நீரில் சர்க்கரை கரைவதே காரணம். பயப்படாமல் மீண்டும் கிளறிப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இப்பொழுது நூறு கிராமின் கணக்கைப் பாருங்கள். கொழுப்பு 13 கிராம், புரதம் பத்தரைக் கிராம், பால் சர்க்கரை 15 கிராம், போட்ட சர்க்கரை 39 கிராம். கலோரியோ மறுபடியும் 375. வெறும் கோவாவுக்கும் பால்கோவாவுக்கும் கலோரியில் வித்தியாசமே இல்லை. ஆனால் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய பாதிக்குக் குறைந்து, அந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டது. கலோரி ஒன்றை மட்டும் பார்த்து இரண்டும் சமம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மெலிந்த பிள்ளைகளுக்குப் பலம் தரும் என்று பாலுக்குப் பதிலாகக் கோவாவைக் கொடுக்கும் தாய்மார் நம் பக்கத்தில் உண்டு. அவர்களுக்காக இன்னும் ஒரு கணக்கு. 50 கிராம் பால்கோவா ஒரு துண்டு என்று கொண்டால், மேற்படி வாணலியிலிருந்து 32 துண்டுகள் வரும். ஒரு துண்டுக்குள் அடங்கியது 156 மில்லி பால்; அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவு. 200 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 7 கிராம் புரதமும் 140 கலோரியும் உண்டு. துண்டு பால்கோவாவிலோ புரதம் 5 கிராமுக்குச் சற்று மேல், கலோரி 188, போட்ட சர்க்கரை மட்டும் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை போடாத கோவாதானே என்று உண்பதும் உண்டு. அதிலும் நூறு கிராமுக்கு 26 கிராம் பால் சர்க்கரை இருப்பதை அவர்கள் மறக்கலாகாது. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்களுக்கும் அதே பால் சர்க்கரைதான் காரணம். சுண்டியதில் அது மேலும் நெருங்கியிருக்கிறது.

பாஸந்தி முதலியவற்றில் நீர் அதிகம் தங்குகிறது. 5 லிட்டர் பாலில் 250 கிராம் சர்க்கரை சேர்த்து, ஒன்பதில் நான்கு பங்கு போன்று இரண்டேகால் கிலோவில் நிறுத்தினால், நூறு கிராமுக்கு 200 கலோரிதான். ஆனால் அதைக் கிண்ணம் கிண்ணமாக உண்பதால் மிச்சம் என்று சொல்ல இடமில்லை. திரட்டுப்பாலில் வெல்லம் போடுவதால் கணக்கு பெரிதும் மாறாது. வெல்லம் பாலைத் திரிக்கக்கூடியது என்பதால், பால் நன்றாகச் சுண்டியபின் போட வேண்டும் என்பதே வேற்றுமை. குலாப் ஜாமூன் போன்றவற்றில் பொரிக்கும் நெய்யும் ஊறும் பாகும் சேருவதால், இத்தராசுக் கணக்கு அவற்றுக்குப் போதாது.

இக்கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. நெடுநேரம் தீயில் நின்று பால் செம்பழுப்பாகும்போது, புரதத்தின் ஒரு பகுதி பால் சர்க்கரையோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் புரதம் எடையில் இருக்கும். ஆனால் அதில் லைசின் என்னும் பகுதி உடம்புக்கு முழுதும் பயன்படாது. சூட்டில் சில வைட்டமின்களும் கெடுகின்றன. நிறம் கறுத்த கோவா, வெளுத்த கோவாவைவிட மணமாக இருக்கலாம்; பிள்ளைக்குக் கொடுக்க வெளுத்ததே நல்லது.

ஏடெடுத்து விற்றுவிட்டு மீதிப் பாலைக் காய்ச்சுவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். கோவாவின் உலர்ந்த பொருளில் நூற்றுக்கு 30 பங்காவது பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. நாலு பங்கு கொழுப்புள்ள பசும்பாலில், 654 கிராமில் 206 கிராம், அதாவது நூற்றுக்கு 31.5 பங்கு, விதியைத் தாண்டி நிற்பது சிறிதளவே. மூன்றரைப் பங்கு கொழுப்புள்ள பாலாயின் 29 பங்குக்கும் கீழே இறங்கிவிடும்; ஒரு ஏடெடுத்தாலே இந்த நிலைக்கு வந்துவிடும்.

விலை கொடுத்து வாங்கும் கோவாவில் எடை கூட்டுவதற்காக மைதா அல்லது ஆரோரூட் கலப்பதுண்டு. இதனால் புரதமும் கொழுப்பும் குறையும், பார்வைக்குத் தெரியாது. ஒரு சிறு உருண்டையை எடுத்து, சிறிது தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, முழுதும் ஆறியபின் டிங்ச்சர் அயோடின் இரண்டு துளி விட்டுப் பார்க்கவும். நீல நிறம் தோன்றினால் மாவு உண்டு. மஞ்சள் நிறமாகவே இருந்தால் இல்லை. ஆறாமல் சூடாக இருக்கும்போது விட்டால் மாவிருந்தும் நீலம் தெரியாது. வாங்கியவுடன் செய்துபார்ப்பது நல்லது. வெயில் காலத்தில் கோவா இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை, புளிப்பு வாடை வந்தபின் எந்தச் சோதனையும் வீணே.