ராத்திரி இரண்டு மணிக்கு யார் முதலாளி?

பிச்சாவரத்துக்குப் படகு சவாரி வருகிறவர்கள் சுரபுன்னைக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கிள்ளைப் பக்கம் உப்பங்கழியை ஒட்டியிருக்கும் இறால் குட்டைகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அப்படி அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஒரு பண்ணையை வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் இருவருக்கும் பாதிப் பாதி. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவில் தொடங்கிய பேச்சு, தங்கை கல்யாணத்துக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்பது வரை போய்விட்டது. இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வெனாமி இறாலுக்கு ஆபத்தான நேரம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இருட்டிய பிறகு இறாலோடு சேர்ந்து அதையே இழுக்கத் தொடங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஏரேட்டர். ராத்திரி எல்லா ஏரேட்டரும் ஓடட்டும் என்கிறார் அண்ணன். டீசலும் கரண்ட் பில்லும் கட்டுப்படியாகவில்லை, பாதியை நிறுத்து என்கிறார் தம்பி. கேட்க இரண்டும் தொழில் பேச்சுதான். ஆனால் டீசல் கணக்கு தம்பிக்கு உறுத்தத் தொடங்கியது ஆஸ்பத்திரி பில்லுக்கு அப்புறம்தான்.

காவலுக்கு இருப்பவர் அண்ணனுக்குப் போன் போடுகிறார்: “சின்னவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே.”

“அவன்கிட்ட நான் எதுக்குப் பேசணும்? நீ சொல்லு.”

குட்டையைக் காக்க வந்தவர் அந்த நிமிஷத்திலிருந்து வீட்டுச் சண்டைக்குத் தூதும் போகிறார். ஓட்டினால் ஒருவர் திட்டுவார், நிறுத்தினால் இன்னொருவர். கொஞ்ச நாளில் அவர் இறாலைவிடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே அதிகம் பார்ப்பார். இதைக் கண்டுபிடிக்க அவரிடம் கேட்க வேண்டியதில்லை, ராத்திரி அளவு எழுதும் நோட்டைப் புரட்டினால் போதும். மேகமூட்டம், பாசியின் அடர்த்தி, இறாலின் வளர்ச்சி என்று எல்லாவற்றையும் பொறுத்து ஆக்சிஜன் அளவு மாறும். நோட்டில் தினமும் 5 என்றே இருந்தால், அவர் அளக்கவில்லை, யாரும் கேள்வி கேட்காத எண்ணை எழுதுகிறார் என்று அர்த்தம்.

இந்தச் சிக்கலுக்குப் பாதிக் காரணம் பத்திரத்தில் இருக்கிறது. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப் பங்குதாரர்கள் முடிவு செய்யலாம். பங்குதாரர்களே இரண்டு பேர் என்றால் பெரும்பான்மைக்கு எங்கே போவது? 13ஆவது பிரிவு இன்னும் கடுமை. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலைப் பார்த்துக்கொள்வதற்காகப் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் குட்டைக்கரையில் கிடக்கிற அண்ணனுக்கும், கடலூரில் உட்கார்ந்து பேங்க் வேலை பார்க்கிற தம்பிக்கும் லாபத்தில் அதே பாதிதான். அண்ணனின் மனக்குறை கல்யாணச் செலவைப் பற்றியதாக வெளியே வந்தாலும், அதன் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

பெரிய இடமென்றால் இப்படிக் குடும்பச் சண்டை தொழிலுக்குள் வராது என்றில்லை. இதே கடலூர் மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வைத்திருக்கும் ஈ.ஐ.டி. பாரி, முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார் மகள் வள்ளி அருணாசலம். அவர் கிளையின் பங்கு 8 சதவீதத்துக்குச் சற்று அதிகம். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். பெண் என்பதால்தான் இடமில்லை என்றார் அவர். 2023இல்தான் சமரசம் ஆனது. அங்கே வாக்கெடுப்பு என்று ஒன்றாவது இருந்தது. பாதிப் பாதி பண்ணையில் அதுவும் கிடையாது.

அதனால் பத்திரத்தைத் திருத்தி எழுதும்போது, ஏரேட்டர், தீவனம், இறால் பிடிக்கும் தேதி ஆகியவை கரையில் இருப்பவர் பொறுப்பு, விற்பனையும் பேங்கும் மற்றவர் பொறுப்பு என்று பிரித்துவிட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். கரையில் இருப்பவருக்கு மாதச் சம்பளம். இழுபறியானால் யார் சொல்வது முடிவு என்பதையும் எழுத வேண்டும். அதற்கு மாமாவைவிட ஆடிட்டர் மேல், மாமாவுக்கும் ஏதாவது ஒரு பக்கம் இருக்கும். காவலாளிக்குத் தனியாக ஒரு வரி: அளவு 4க்கு வந்தால் யாருக்கும் போன் வேண்டாம், எல்லா ஏரேட்டரையும் போடு.

பத்திரம் எட்டாத இடமும் உண்டு. பங்குதாரராக இல்லாத அண்ணிக்குப் பண்ணையில் அதிகாரம் கிடையாது. ஆனால் தீவன மூட்டை ஏற்றப் போன டிரைவரை அவர் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவரச் சொன்னால், எந்த டிரைவர் மாட்டேன் என்பார்? டிரைவரை வீட்டு வேலைக்கு அனுப்புவது யார் என்பதையும் அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு முதலில் இருவரும் பேச வேண்டும்.