போட்டது ஐந்து, கிடைத்தது எவ்வளவு?

ஈரம் காயாத மிளகாயைக் குவித்து வைத்தால் அதில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணங்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்பது அஃப்ளடாக்சின் பி1 என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு இது. மிளகாய்த்தூளைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மிளகாய்த்தூளில் 5 மைக்ரோகிராம் வரைதான் இதை அனுமதிக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நுண்ணிய அளவை எடுக்க ஓர் ஆய்வகம் புதிய முறை ஒன்றைக் கொண்டுவருகிறது. தூளை மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைசலில் குலுக்கி, வடிகட்டி, எல்சி-எம்எஸ் கருவியில் செலுத்துவதுதான் அந்த முறை. கருவி ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நமக்குத் தெரிந்த அளவு நஞ்சை நாமே தூளில் போட்டு, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். போடுவதை ஸ்பைக் என்றும், திரும்பக் கிடைக்கும் விகிதத்தை ரெகவரி என்றும் ஆய்வகங்களில் சொல்வார்கள்.

கணக்கோடு பார்ப்போம். 25 கிராம் மிளகாய்த்தூளை எடுக்கிறோம். ஒரு மில்லி லிட்டரில் 250 நானோகிராம் நஞ்சு உள்ள கரைசலில் அரை மில்லியைத் தூளின் மேல் பரவலாக விடுகிறோம். சேர்ந்தது 125 நானோகிராம். அதாவது கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், சரியாகச் சட்ட வரம்பின் அளவு. 100 மைக்ரோகிராம் போட்டுச் சோதித்தால் முறை நன்றாகத் தெரியலாம். ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியது 5-ஐ ஒட்டித்தான். அங்கே முறை தடுமாறுவதை அந்தச் சோதனை காட்டாது. கரைப்பான் ஆவியாகும் வரை காத்திருந்து, அதன் பிறகே பிரித்தெடுப்பைத் தொடங்க வேண்டும்.

கருவி 5.4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து போட்டோம், 5.4 வந்தது, ரெகவரி 108 சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். அந்தத் தூளில் ஏற்கெனவே கொஞ்சம் நஞ்சு இருந்திருக்கலாம். எதுவும் சேர்க்காத அதே தூளைத் தனியாகச் சோதித்தால் 2.0 வருகிறது. அப்படியானால் போட்டதில் கிடைத்தது 3.4 மட்டுமே. ரெகவரி 68 சதவீதம். ஐரோப்பிய விதி பொதுவாக ஏற்பது 70 முதல் 120 சதவீதம் வரை. அழகாகத் தெரிந்த முறை உண்மையில் தேறவில்லை. ஸ்பைக் போடாத மாதிரியை ஓட்டாமல் விட்ட எந்த ரெகவரி எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

மீதி எங்கே போனது? நஞ்சு தூளிலேயே தங்கியிருக்கலாம். அல்லது கரைசலுக்கு வந்தும் கருவி அதை முழுதாகப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. வடிகட்டி முடித்த மிளகாய்ச் சாற்றில் நஞ்சைச் சேர்த்து அளக்க வேண்டும். அதே அளவை வெறும் கரைப்பானிலும் சேர்த்து அளக்க வேண்டும். சாற்றில் வரும் சைகை வெறும் கரைப்பானில் வருவதில் 70 சதவீதம்தான் என்றால், குற்றவாளி கருவியின் வாசலில் இருக்கிறது. நஞ்சோடு ஒரே நேரத்தில் வெளிவரும் மிளகாயின் பிற பொருட்கள் மின்னேற்றத்துக்குப் போட்டிபோட்டு அதன் சைகையை அமுக்குகின்றன. 68-ஐ 70-ஆல் வகுத்தால் 97 சதவீதம் வரும். பிரித்தெடுப்பு நன்றாகவே நடந்திருக்கிறது.

இதைக் கவனிக்காமல் விட்டால், கருவி 3.6 காட்டிய ஒரு மூட்டை தேறிவிடும். உண்மையில் அதில் இருப்பது 5-க்கு மேல்.

தீர்வாக, அளவுகோல் கரைசல்களை நஞ்சில்லாத மிளகாயின் சாற்றிலேயே தயாரிக்கலாம். இன்னும் நல்லது, 17 கார்பன் அணுக்களும் கனமான கார்பன்-13 ஆக மாற்றப்பட்ட அஃப்ளடாக்சினைத் தெரிந்த அளவில் கூடவே சேர்ப்பது. நஞ்சு அமுங்கும்போது அதுவும் அதே அளவு அமுங்கும். எடை வேறு என்பதால் கருவி இரண்டையும் பிரித்தறியும். இரண்டின் விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் பிழை நீங்கிவிடும். பிறகு அதே சோதனையை வரம்பின் பாதி, வரம்பு, இரு மடங்கு என்று மூன்று அளவுகளில் பலமுறை செய்து பார்க்கிறார்கள்.

ரெகவரி 97 ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. நாம் விட்ட நஞ்சு தூளின் மேற்பரப்பில் அரைமணி நேரம் இருந்தது. பூஞ்சணம் உண்டாக்கியதோ மிளகாயின் சதைக்குள் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்தது. முதலாவது எளிதில் வந்துவிடும். இரண்டாவது வராமல் போகலாம். உலர்ந்த சதை ஊதி விரியப் போதிய தண்ணீர் கரைசலில் இல்லாவிட்டால், ஸ்பைக் முழுதாகத் திரும்பி வந்தும் இயற்கை நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். அதனால் இயற்கையாகவே பூஞ்சணம் பிடித்த, அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட தூளையும் சோதிக்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில், ஒருமுறை பிரித்தெடுத்த சக்கையையே புதிய கரைசலில் மறுபடி குலுக்கிப் பார்க்கிறார்கள். சக்கையில் ஒட்டியிருந்த பழைய கரைசலின் கணக்கைக் கழித்த பிறகும் கணிசமான நஞ்சு வந்தால், முதல் குலுக்கல் போதவில்லை என்று பொருள்.