நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு எந்த உடை?

200 கிலோமீட்டர் பிரெவே பயணத்தை முடிக்க பதின்மூன்றரை மணி நேரம் தரப்படுகிறது. அவ்வளவு நேரம் சீட்டில் இருப்பவருக்கு முதலில் சரியாக அமைய வேண்டியது ஷார்ட்ஸ். அது எப்போதும் உடலை ஒட்டியே இருக்க வேண்டும். தளர்ந்தால் உள்ளே தைத்த பேட் நகர்ந்து, தொடையிடுக்கில் தோலை உரசிப் புண்ணாக்கும். உள்ளாடையின் தையலும் அதையே செய்யும் என்பதால் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணிவதில்லை. தடித்த, மெத்தென்ற பேட் கடையில் சுகமாகத் தோன்றும். சில மணி நேரத்தில் அமுங்கிவிடும். அடர்த்தியான நுரை கொண்டதே நீண்ட தூரத்துக்கு நல்லது. இடுப்பு எலாஸ்டிக் வயிற்றை அழுத்தினால் தோள்பட்டி வைத்த பிப் ஷார்ட்ஸ் உதவும்.

ரேஸ் ஃபிட்டா, தளர்வானதா என்ற கேள்வி உண்மையில் ஜெர்சிக்குத்தான். ரேஸ் ஜெர்சியின் முன்புறம் குட்டை, பின்புறம் நீளம். நிமிர்ந்து நிற்கும்போது தோளில் இழுக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் சரியாகப் படியும். ஆகவே குனிந்த நிலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அக்குளில் வெட்டினாலோ ஜிப் அலையலையாக நெளிந்தாலோ ஒரு அளவு பெரிதாக எடுக்கலாம்.

மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கு, படபடக்கும் துணியில் காற்று பிடிப்பது நன்றாகத் தெரியும். 20 கிலோமீட்டர் வேகத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்குச் சற்றுத் தளர்ந்த ஜெர்சியே மேல். ஆனால் பின்பைகளில் டியூப், பம்ப், வாழைப்பழம் போட்டதும் அது பின்னால் தொங்கி ஆடக்கூடாது.