பெண்டிங்கில் நிற்கும் பணம்

2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அமெரிக்க அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கு வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. கடன் ரெவ்லானுடையது. பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் முகவர் வேலைதான் வங்கிக்கு. அனுப்ப வேண்டிய வட்டி சுமார் 78 லட்சம் டாலர். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அதில் பெரும்பகுதி வங்கியின் சொந்தப் பணம்.

திருட்டு எதுவும் நடக்கவில்லை. கட்டுப்பாடு இல்லாமலும் இல்லை. ஒருவர் விவரங்களைப் பதிய, இரண்டாமவர் சரிபார்க்க, மூன்றாமவர் அனுமதிக்க வேண்டும் என்பது வங்கியின் விதி. மூவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள். அந்த மென்பொருளில் இந்த வட்டியை மட்டும் தனியாக அனுப்பச் சுலபமான வழி இல்லை. கடன் முழுவதையும் அடைப்பதுபோலப் பதிந்துவிட்டு, அசல் தொகையை மட்டும் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படித் திருப்ப PRINCIPAL, FRONT, FUND என்ற மூன்று இடங்களையும் நிரப்பியாக வேண்டும். பதிந்தவர் PRINCIPAL ஒன்றை மட்டும் நிரப்பினார். அதுவே போதும் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். பணம் வங்கியை விட்டு வெளியே போகும் என்று திரை எச்சரித்தது; எவ்வளவு போகும் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கமான கணக்குப் பார்ப்பில்தான் விஷயம் தெரிந்தது. சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்த கடன்காரர்களோடு நடந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் வங்கி தோற்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாற 2022 செப்டம்பர் ஆனது.

ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்தால்தான் பணம் போகும் என்ற இந்த ஏற்பாட்டை வங்கி வட்டாரத்தில் ‘மேக்கர்–செக்கர்’ என்பார்கள். இன்று இது பெரிய வங்கிகளோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி இணைய வங்கிச் சேவை கேட்டால், மேக்கர் யார், செக்கர் யார் என்று வங்கியே படிவத்தில் கேட்கிறது. கணக்குப் பிரிவில் மூன்று பேர் இருக்கும் பனியன் கம்பெனிக்கும் இதே முறைதான். ஆனால் சிட்டி வங்கியில் மூவரும் ஒரே திரையை, ஒரே நம்பிக்கையோடு பார்த்தார்கள். முதல் ஆள் தட்டியதையே இரண்டாம் ஆளும் படித்தால் அங்கே இருப்பது இரண்டு பார்வை இல்லை, ஒரே பார்வை இரண்டு முறை.

திருப்பூரில் அப்படி ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில்களைக் கணக்கில் ஏற்றி, வாரம் இரண்டு முறை பணம் அனுப்பும் பட்டியலைத் தயார் செய்பவர் இளைய கணக்காளர், அவர்தான் மேக்கர். சீனியர் கணக்காளர் செக்கர். பெரிய தொகைகளுக்கு முதலாளியும் ஒப்புதல் தர வேண்டும். மேக்கர் எக்செல் பட்டியலை வங்கித் தளத்தில் ஏற்றியதும் ஒவ்வொரு வரியும் பெண்டிங்கில் நிற்கும். செக்கர் தன் லாகினில் நுழைந்து, தன் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால்தான் பணம் நகரும்.

செக்கருக்குத் திரையில் தெரிவது சொற்பம்: பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை. பெட்டி சப்ளையர் ஒருவருக்கு, வரி நீங்கலாக, 1,93,200 ரூபாய் என்று ஒரு வரி நிற்கிறது. பெயர் பழகிய பெயர். ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய இதே தொகைதான் போகிறது. திரையை மட்டும் பார்த்தால் மறுக்கக் காரணமே இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் 4,200 அட்டைப் பெட்டி, ஒன்று 46 ரூபாய், பெருக்கல் சரி. பர்சேஸ் ஆர்டரிலும் 4,200, அதே விலை. வாசலில் சரக்கு இறங்கியபோது ஸ்டோர் ஆள் எழுதிய வரவுச் சீட்டில் மட்டும் 4,000. மீதி 200 அடுத்த லோடில் வரும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். அது வரவே இல்லை. கொடுக்க வேண்டியது 1,84,000. கூடப் போகவிருந்தது 9,200.

இந்தப் பிழையைப் பிடித்தது, மேக்கரின் கை படாத ஒரு காகிதம். ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிடுவது கணக்குத் தொழிலில் பழைய பழக்கம்தான். சின்ன அலுவலகங்களில் பல நேரம் மேக்கரே மூன்றையும் ஒப்பிட்டு, ‘ஓகே’ என்று முத்திரை குத்தி, பில்லை மட்டும் செக்கரிடம் தள்ளுகிறார். செக்கர் முத்திரையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். வரவுச் சீட்டு ஸ்டோரிலிருந்து நேராகச் செக்கர் மேசைக்குப் போனால் செலவு ஒன்றும் கூடாது, பார்வை இரண்டாகிவிடும்.

பிழை கண்ட பிறகு என்ன செய்வது என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. அவசரத்தில் செக்கரே தொகையைத் திருத்தி அனுப்பிவிடத் தோன்றும். பல வங்கித் தளங்கள் அதற்கு இடம் தருவதில்லை, அது நல்லதுதான். திருத்திய கணமே அவர் மேக்கராகிவிடுகிறார். அவர் போட்ட எண்ணைப் பார்க்க ஆள் இல்லை. ‘ரிஜெக்ட்’ கொடுத்து, காரணத்தை ஒரு வரியில் எழுதி, முதலிலிருந்து வரச் செய்வதே முறை. அதனால் ஒரு நாள் தாமதமானால் சப்ளையரிடம் பேசிக்கொள்ளலாம்.

தொகைப் பிழையாவது அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளக்கூடியது. கணக்கு எண் தவறினால் கதை வேறு. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. பெயர் பொருந்துகிறதா என்று இயந்திரம் பார்ப்பதில்லை. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்திருக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அதை எழுத்தாகக் குறிக்காமல் எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். முன்னால் சுழியம் உள்ள எண்ணில் அந்தச் சுழியம் காணாமல் போகும். மேக்கர் மேல் குற்றமில்லை. அவர் சரியாகத்தான் தட்டினார். பட்டியலின் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கும் செக்கருக்கும் இது தெரியாது, மொத்தம் சரியாகவே இருக்கும். அப்படி ஒரு எண் எங்குமே இல்லை என்றால் பணம் திரும்பி வரும். இருந்துவிட்டால், யாரோ ஒருவருக்கு எதிர்பாராத வரவு.

வேண்டுமென்றே மாற்றப்படும் கணக்கு எண் இதைவிடக் கொடியது. சப்ளையரின் மின்னஞ்சலைப் போலவே தோன்றும் முகவரியிலிருந்து, ‘எங்கள் பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்’ என்று ஒரு கடிதம் வரும். கூடவே அச்சு அசலான பில். மேக்கர் புதிய எண்ணைச் சேர்க்கிறார். செக்கர் பார்க்கும்போது பெயர் சரி, தொகை சரி, பில்லில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றே. காகிதத்தோடு ஒப்பிட்டும் பயனில்லை, காகிதமே பொய். பணம் அனுப்பும் நாளில் காட்டும் கவனத்தைவிட, புதிய கணக்கு சேரும் நாளில் காட்டும் கவனம்தான் இங்கே காப்பாற்றும். வங்கித் தளத்தில் பயனாளியைச் சேர்ப்பதற்கும் செக்கர் ஒப்புதல் வைக்க முடியும். அதைச் சில்லறை வேலை என்று நினைத்து மேக்கர் கையிலேயே விட்டுவிடும் இடங்கள் நிறைய. செக்கர் செய்ய வேண்டியது ஒரு போன். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல, போன வருடம் டைரியில் எழுதி வைத்த எண்ணுக்கு.

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2025 ஏப்ரல் 1-க்குள் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்புவோருக்கு, அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டியிருந்தது. இது பெரிய உதவி. ஆனாலும் வசதி பெயரைக் காட்டும், அவ்வளவுதான். ‘டிரேடர்ஸ்’ இருந்த இடத்தில் ‘டிரேடிங்’ என்று வந்தால் நின்று யோசிக்க வேண்டியது ஆள்தான்.

இதையெல்லாம் எழுதுவது சுலபம். மாதத்தின் 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், 15-இல் பி.எஃப்., 20-இல் ஜி.எஸ்.டி. நடுவில் சனிக்கிழமைச் சம்பளம். பெண்டிங்கில் 40 வரி நிற்கிறது, செக்கர் ஒரே ஆள். அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். “அண்ணே, ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க” என்று மேக்கர் போனில் கேட்கிறார். அண்ணன் பந்தியில் பரிமாறிக்கொண்டே ஆறு இலக்கத்தையும் சொல்லிவிடுகிறார். அவருடைய பாஸ்வேர்டு ஏற்கெனவே மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. வங்கியின் பதிவில் இரண்டு பேர், நாற்காலியில் ஒருவர். மேக்கர் நேர்மையானவராக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆகாமலே பல வருடம் ஓடும். அதுதான் இந்தப் பழக்கத்தைக் கெட்டிப்படுத்துகிறது.

உங்கள் அலுவலகத்தில் இரண்டாம் பார்வை உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டாம். வங்கித் தளத்திலிருந்து ஒரு மாதத்து ஒப்புதல் பதிவை இறக்கிப் பாருங்கள். பட்டியல் ஏறிய நேரத்துக்கும் ஒப்புதல் நேரத்துக்கும் 20 வினாடிதான் இடைவெளி என்றால் யாரும் பில்லைத் திறக்கவில்லை. ஆறு மாதத்தில் ஒரு ரிஜெக்ட்கூட இல்லை என்றால், மேக்கர் அபாரமான ஆள் என்பதைவிட செக்கர் பார்ப்பதில்லை என்பதே நம்பக்கூடியது. இரண்டு லாகினும் ஒரே கணினியிலிருந்து, அடுத்தடுத்து என்றால் கேள்வியே வேண்டாம். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அந்தப் பதிவை ஆடிட்டர் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார். முதலாளி மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

இந்த ஏற்பாட்டால் ஆகாததும் உண்டு. மேக்கரும் செக்கரும் கூட்டுச் சேர்ந்தால் இது ஒன்றும் செய்யாது. ஸ்டோர் ஆளும் சப்ளையரும் சேர்ந்து, வராத சரக்குக்கு வரவுச் சீட்டு எழுதினால் இரண்டு பேரும் பொய்யைத்தான் ஒழுங்காகச் சரிபார்ப்பார்கள். அதற்கு இருப்பு எண்ணிப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. முதலாளி தன் சொந்தச் செலவைத் தானே போட்டுத் தானே அனுமதிக்கும் இடத்திலும் செக்கர் என்ற பெயருக்கு அர்த்தமில்லை. சிறு கம்பெனிகளில் அதைச் சொல்லப் பெரும்பாலும் யாருக்கும் வாய் வருவதில்லை.

லீவு பிரச்சினைக்கு மட்டும் நேரான வழி இருக்கிறது. இரண்டாவது செக்கராக இன்னொருவரை முன்கூட்டியே சேர்த்து வைப்பது. வாரம் ஒருநாள் வரும் பகுதிநேரக் கணக்காளராகவோ, தொழிலை அறிந்த குடும்ப உறுப்பினராகவோ இருக்கலாம். பட்டியல் போடும் வேலை அவர் கையில் இருக்கக் கூடாது. கம்பெனி என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம், வங்கிப் படிவம், அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். லாகின் கைக்கு வரச் சில நாள் ஆகும். போனஸ் போடும் வாரத்தில் போய் நின்றால், தீபாவளி கழித்து வாருங்கள் என்றுதான் கிளையில் சொல்வார்கள்.