ஸ்பிரே டப்பாக்களுக்கு ஒரு கம்பிக் கூண்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபால்ஸ் டவுன்ஷிப் என்றோர் ஊர். அங்கே கேமார்ட் நிறுவனத்துக்கு ஒரு சரக்குக் கிடங்கு இருந்தது. பரப்பளவு 12 லட்சம் சதுர அடி, அதாவது 27 ஏக்கருக்கும் மேல். பாதுகாப்பில் குறை வைத்ததாகச் சொல்ல முடியாத கட்டடம். கூரை முழுவதும் ஸ்பிரிங்ளர் குழாய்கள். ஒரு பகுதியில் தீப்பிடித்தால் மற்றப் பகுதிக்குப் போகாதபடி, தீத்தடுப்புச் சுவர்கள் கிடங்கை நான்காகப் பிரித்திருந்தன. 1982 ஜூன் 21 அன்று அத்தனையும் எரிந்து போயிற்று. இழப்பு 10 கோடி டாலருக்கும் மேல்.

தொடக்கம் ஒரு சிறிய சம்பவம்தான். ஃபோர்க்லிஃப்ட் தூக்கிய பேலட்டிலிருந்து, கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்பிரே டப்பாக்கள் இருந்த ஓர் அட்டைப்பெட்டி கீழே விழுந்தது. டப்பா கசிந்து வெளிவந்த ஆவியில் ஃபோர்க்லிஃப்டின் மின்பொறி பட்டிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

ஸ்பிரே டப்பாவுக்குள் இருக்கும் பொருளை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுதான். நம் அடுப்படி சிலிண்டரில் இருப்பதும் இதே குடும்பத்து வாயு. அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கும் அது வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது இதனால்தான். பக்கத்தில் அட்டை எரியத் தொடங்கினால் டப்பா சூடேறி, அடிப்பகுதி பிய்ந்து, எரியும் திரவத்தைச் சிந்திக்கொண்டே ராக்கெட்டாகப் பறக்கும். ஃபால்ஸ் டவுன்ஷிப்பில் நடந்தது இதுதான். சுவர்களின் வழிகளில் இருந்த தீத்தடுப்புக் கதவுகள் மூடுவதற்குள் டப்பாக்கள் அடுத்த பகுதிக்குப் பறந்து, அங்கிருந்த அட்டைப்பெட்டிகளில் புதிய தீயை மூட்டின. ஸ்பிரிங்ளர் என்பது ஓரிடத்துத் தீயை அடக்குவதற்கான ஏற்பாடு. பல இடங்களில் ஒரே நேரத்தில் தலைகள் திறந்துகொண்டால் நீரழுத்தம் எங்குமே போதாது.

ஆகவே ஸ்பிரே டப்பாக்களைத் தனியாக வைப்பது என்றால் வேறு ரேக்கில் வைப்பது என்று பொருளல்ல. அவை பறக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம் ஏரோசாலுக்கென்றே வகுத்த விதியில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: தரையிலிருந்து கூரை வரை சங்கிலிப் பின்னல் கம்பி வேலி. கம்பி 2.9 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன், கண் 50 மில்லிமீட்டருக்கு மேல் போகாத அளவு. தண்ணீரும் காற்றும் உள்ளே போகும், டப்பா வெளியே வராது. ஆனால் கூண்டு தீயை அணைக்காது. ஏரோசால் தீக்கு ஏற்ற ஸ்பிரிங்ளர் அதற்கு மேலே இருந்தே ஆக வேண்டும். கூண்டின் கதவை வசதிக்காகத் திறந்து போட்டால் செலவழித்ததெல்லாம் வீண்.

கூண்டுக்கு வெளியே அட்டையும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. அட்டை சீக்கிரம் பற்றும். பிளாஸ்டிக் அதைவிட மிகுந்த வெப்பத்தோடும் கரும்புகையோடும் எரியும், உருகிச் சொட்டித் தரையிலும் ஓடும். அதனால் அட்டைப்பெட்டிகளுக்கெனக் கணக்கிட்டுப் பொருத்திய ஸ்பிரிங்ளருக்குக் கீழே, ஒரு நாள் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தெர்மக்கோலையும் அடுக்கினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். சரக்கு மாறும்போது இதைத் திரும்பக் கணக்கிட வேண்டும். பல கிடங்குகள் தவறுவது இங்கேதான். ரேக்கில் பேலட்டுகளுக்கிடையே விடும் 15 சென்டிமீட்டர் இடைவெளியும் காலியிடம் அல்ல. மேலிருந்து தண்ணீர் இறங்க அது ஒன்றுதான் வழி. பண்டிகைக் காலத்தில் அதை அடைப்பதும், ஸ்பிரிங்ளர் தலையை முட்டும்வரை பெட்டிகளை ஏற்றுவதும் தீக்கு நாமே செய்து தரும் உதவி. மேலடுக்குக்கும் ஸ்பிரிங்ளருக்கும் நடுவே குறைந்தது 45 சென்டிமீட்டர் வேண்டும். சில வகை ஸ்பிரிங்ளருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆட்கள் வெளியேறத்தான் வேண்டும். ஒத்திகை என்றால் முன்பே அறிவித்து, முன்வாசல் வழியாக வரிசையாக நடந்து வந்து நிற்பது என்றாகிவிட்டது. அதில் எதுவும் தெரியாது. ஒரு வாசலுக்கு முன்னால் "தீ இங்கே" என்று எழுதிய பலகையை வைத்துவிட்டு மணியை அடியுங்கள். பழகிய வழி அடைபட்டால் மற்ற வழிக்கு யார் போகிறார்கள், அந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறதா என்பது அப்போது தெரியும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியைத் தீத்தடுப்புக் கதவின் குறுக்கே விட்டுவிட்டு ஓடுகிறாரா என்று பாருங்கள். நின்ற வண்டி இருந்தால் கதவு மூடாது. வெளியே ஆள் எண்ணும்போது நிரந்தர ஊழியர் பட்டியல் மட்டும் போதாது. ஒப்பந்தச் சுமைதூக்குவோரும், சரக்கு இறக்க வந்து வண்டியிலேயே தூங்கும் லாரி ஓட்டுநரும் அதில் இருக்க வேண்டும். ஒத்திகை இரவுப் பணி நேரத்திலும் நடக்கட்டும். ஸ்பிரே டப்பாக்கள் வெடிக்கும் சத்தம் கேட்டபின் பெட்டிகளைக் காப்பாற்ற யாரும் உள்ளே போகக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

கிடங்கு நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ இதைப் படித்தால், நாளை உங்கள் சரக்கில் ஸ்பிரே டப்பாக்கள் எங்கே இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருந்தால் முதலில் அவற்றைப் பிரித்தெடுங்கள்.