மூலையில் இருக்கும் பெட்டி

சப்வூஃபர் வாங்கியதும் பலர் ஒலியளவைத்தான் முதலில் திருகுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கிராஸ்ஓவர்.

சிறிய ஸ்பீக்கர்கள் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்கின்றன என்றால், அதை 80-இல் வைக்கலாம். 120-ஐத் தாண்டினால் ஆண்குரலின் அடித்தொனி மூலையிலிருந்து வரும். பெட்டி இருக்கும் இடம் காதுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது ஃபேஸ். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். கேட்பவரிடமிருந்து சப்வூஃபர் மட்டும் அதில் பாதி, அதாவது 2.15 மீட்டர், கூடுதலாகத் தள்ளியிருந்தால், ஒரு அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து பேஸ் கரைந்துபோகும்.

வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒருவர் அமரட்டும். ஸ்பீக்கர்கள், சப்வூஃபர் எல்லாவற்றிலும் 80 ஹெர்ட்ஸ் ஒலி ஓடும்போது, இன்னொருவர் ஃபேஸ் திருகை 0-இலிருந்து 180 வரை மெல்லத் திருப்பட்டும். “இப்போ கூடுது, நிறுத்து!” என்று குரல் வரும் இடமே சரியான இடம். சோஃபாவை நகர்த்தினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.